ஆப்ஷனைச் சைபர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்

"அந்த ஆப்ஷன் தொகையைச் சைபர்னு வெச்சுப் பாரு. அப்பவும் அங்கேதான் போகணும்னு தோணினா போ." எங்கள் டீமில் இன்டர்னாக இருந்த பெண்ணிடம் நான் இப்படித்தான் சொன்னேன். படிப்பை முடித்த கையோடு இரண்டு ஆஃபர் லெட்டரை அனுப்பி எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாள். ஒன்று பெரிய கம்பெனி, இன்னொன்று பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப். இன்றைக்கு வேறு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்கப்புறம் அவள் கேட்டதும், அதற்கு நான் சொன்ன பதிலும்தான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி எழுதியிருந்த வருட மொத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், ஸ்டார்ட்அப் எழுதியிருந்தது 130. யாருக்கும் கண் 130 மேல்தான் போகும். பிரித்துப் பார்த்தோம். அந்த 100-ல் நிலையான சம்பளம் 80. வேரியபிள் 10, அது ரேட்டிங்கையும் கம்பெனி அந்த வருடம் எப்படிப் போகிறது என்பதையும் பொறுத்தது. மீதி 10 ஜாயினிங் போனஸ், ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும், இரண்டாம் வருடத்தில் அந்தத் தொகையே கிடையாது. ஸ்டார்ட்அப்பின் 130-ல் நிலையான சம்பளம் 82, மீதி 48 முழுக்க ஸ்டாக் ஆப்ஷன்.

அந்த 48 நான்கு வருடத்துக்கானது. அதை அப்படியே ஒரு வருடக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 12, அதுவும் முதல் வருடம் முழுதாக முடியும்வரை ஒன்றுகூட அவள் பேருக்கு வராது. கிளிஃப் என்பார்கள், பதினோராவது மாதம் கிளம்பினால் வெறுங்கைதான். அதைவிட முக்கியமானது, ஆப்ஷன் என்பது பங்கு இல்லை, குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். அந்த விலை என்ன, கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்குகள் என்று இரண்டு கேள்விகளை ஹெச்ஆருக்கு மெயிலில் கேட்கச் சொன்னேன். விலைக்குப் பதில் வந்தது: கடைசி ஃபண்டிங்கில் முதலீட்டாளர்கள் கொடுத்த அதே விலை. அதாவது கம்பெனியின் மதிப்பு இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே நின்றால் அந்த 48-ன் லாபம் பூஜ்யம், மேலே ஏறுகிற பகுதி மட்டும்தான் அவளுக்கு. மொத்தப் பங்கு எண்ணிக்கையை வெளியில் சொல்வதில்லை என்றார்கள். அது தெரியாமல் அவளுக்குக் கொடுத்த 2,000 ஆப்ஷனை வைத்து என்ன செய்வது? மொத்தம் 10 லட்சம் பங்கு என்றால் அவள் பங்கு 0.2 சதவீதம், ஒரு கோடி என்றால் 0.02. இரண்டில் எது என்று தெரியாத ஒன்றைச் சம்பளம் என்று எப்படி எண்ணுவது? அதனால்தான் சைபர் என்றேன்.

கையில் காசு எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்றும் கேட்கச் சொன்னேன். ஃபவுண்டர் மழுப்பாமல் 18 மாதம் என்று சொன்னாராம். நல்ல மனிதர் என்று எனக்கும் பட்டது. ஆனால் அடுத்த ஃபண்டிங்குக்கு அலைந்து பணம் வங்கிக்கு வந்து சேர ஆறு மாதம் போலப் பிடிக்கும், ஆகவே பன்னிரண்டாவது மாதம் அந்த வேட்டையைத் தொடங்க வேண்டும். அவளுடைய கிளிஃப் முடிவதும் அப்போதுதான். செலவைக் குறைத்துக் காட்ட வேண்டிய நேரமும் அதுதான், அப்போது ஃப்ரெஷரின் இடம் எவ்வளவு உறுதி? அவளுக்கோ கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிறது, ஒரு மாதச் சம்பளம் தள்ளிப் போனாலும் தாங்காது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்போ 82-ம் 80-ம் ஏறக்குறைய ஒண்ணுதானே அக்கா. வேலையை யார்கிட்ட கத்துக்கப் போறேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

சரி, சொல்லு என்றேன். பெரிய கம்பெனியில் எந்த டீம் என்பது ட்ரெயினிங் முடிந்த பிறகுதான் தெரியுமாம். ஸ்டார்ட்அப்பில் அவளை இன்டர்வியூ செய்த சீனியரின் கீழேயே வேலை. அந்த இன்டர்வியூவைப் பற்றிச் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. அவளுடைய காலேஜ் ப்ராஜெக்ட் ஒரு ஆர்டர் ஆப். பணம் கட்டும் கோரிக்கை சர்வருக்குப் போய்விட்டது, ஆனால் பதில் திரும்பி வருவதற்குள் நெட் போய்விட்டது, ஆப் மறுபடி அனுப்புகிறது, என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு ஆர்டர் விழும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிலைச் சொல்லிக் கொடுக்காமல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப் ஒரு தனி அடையாள எண் வைத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும், ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் சர்வர் புதிதாக ஆர்டர் போடாமல் பழைய பதிலையே தர வேண்டும் என்பதுவரை அவளையே வர வைத்திருக்கிறார். "நாலு வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்லைக்கா."

அப்போதுதான் நான், "அந்த ஆளு ஆறு மாசத்துல வேற இடத்துக்குப் போயிட்டா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சரிக்கா என்றாள். பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

நியாயமான கேள்விதான். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் கற்றுக்கொடுக்க ஒரே ஒருவர்தான் என்றால் அவர் போனதும் அங்கே போனதன் காரணமும் போய்விடும். அனுபவம் இருக்கிறவர்கள் அதைச் சமாளிப்பார்கள், ஃப்ரெஷரால் முடியுமா? அவர் போகவும் போனார், வருடம் முடிவதற்குள். அவளுக்குப் பதிலாக அங்கே சேர்ந்த அவள் வகுப்புத் தோழன் தனியாக மாட்டிக்கொண்டான். நடு ராத்திரியில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க அவனைத் தவிர ஆள் இல்லை. இன்னொருத்தருக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன் என்கிறானாம். ஆனால் ஃபண்டிங் வந்துவிட்டது, வேலையும் போகவில்லை. இன்றைக்கு ஒரு சிஸ்டத்தை அடியிலிருந்து வடிவமைக்கச் சொன்னால் அவன் செய்துவிடுவான்.

இவளோ ட்ரெயினிங் முடிந்து எந்த ப்ராஜெக்ட்டும் கிடைக்காமல் பல வாரம் பெஞ்சில் இருந்தாள், அப்புறம் ஒரு பழைய பில்லிங் சிஸ்டம். முதல் மாதங்களில் மாற்றியதெல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. ஆனால் அந்த மூன்று வரிக்கும் ஒருவர் உட்கார்ந்து அரைப்பக்கம் ரிவ்யூ எழுதுகிறார், வரி கணக்கிடும் இடத்தில் பைசாவை எங்கே முழுமையாக்க வேண்டும் என்பதுவரை. அப்படிப்பட்ட ஒருவர் கிடைப்பார் என்று ஆஃபர் லெட்டரில் இல்லை, எனக்கும் தெரியாது. ஆகவே என் பயம் பலித்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அறிவுரை பலித்ததா என்று கேட்டால் பதில் இல்லை. ஸ்டார்ட்அப்பில் ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தது, அவர் இருப்பார் என்று சொல்ல முடியவில்லை. பெரிய கம்பெனியில் பெயரே கிடையாது. நான் முதல் குறையைப் பெரிதாகவும் இரண்டாவதைச் சின்னதாகவும் எடைபோட்டேன். அப்படிப் போட எனக்கு ஆதாரம் இருந்ததா, இல்லை சம்பளக் கணக்கு பெரிய கம்பெனிப் பக்கம் சாய்ந்ததால் இதையும் அந்தப் பக்கமே சாய்த்தேனா?

சமீபத்தில் இன்னொரு ஆஃபர் லெட்டரை அனுப்பியிருந்தாள். மறுபடியும் ஸ்டார்ட்அப்தான். மொத்தப் பங்கு எண்ணிக்கையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், யாருக்குக் கீழே வேலையோ அவரிடம் தனியாகப் பேசியும் இருக்கிறாள். ஆப்ஷன் பத்தியை மட்டும் ஒரு தடவை பாருங்கக்கா என்றாள். வேலையை விட்டபின் 90 நாளுக்குள் பணம் கட்டி வாங்காவிட்டால் ஆப்ஷன் போய்விடும் என்று இருந்தது. பல இடங்களில் இருக்கிற விதிதான், அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்று எழுதி அனுப்பினேன். அந்த ஆள் எத்தனை நாள் இருப்பார் என்று இந்தத் தடவையும் கேட்க வாய் வருகிறது. கேட்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அவள் பதில் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.