பி வகைத் தாய், ஏ வகைக் குட்டிகள்

பூனைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் பலர் கேட்பது, "எல்லாத்துக்கும் ஒத்துக்கிற ஓ வகை ரத்தம் இருக்குமே டாக்டர்?" பூனைகளில் ஓ கிடையாது. ஏ, பி, அபூர்வமாக ஏபி, அவ்வளவுதான். நாய்களை அதிகம் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கு வேறொரு நினைப்பு: முதல் தடவை எந்த ரத்தமானாலும் தாங்கிவிடும் என்று. நாய் பெரும்பாலும் தாங்கும். பூனையிடம் அந்தக் கணக்கு செல்லாது. பி வகைப் பூனைக்குச் சில மாத வயதிலேயே, ஏ வகைச் சிவப்பணுக்களை உடைக்கும் எதிர்ப்பொருள் தானாகவே ரத்தத்தில் வந்துவிடுகிறது. முன்பு ரத்தம் ஏற்றியிருக்கவோ குட்டி போட்டிருக்கவோ தேவையே இல்லை. ஓரிரு மில்லி ஏ ரத்தம் போனாலே உயிர் போகலாம்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் தாய்ப்பூனை. வீட்டில் ஒரு குட்டி போட்டு, அடுத்தது சிக்கிக்கொண்ட நிலையில் கொண்டுவந்தார்கள். அறுவை செய்து மூன்று குட்டிகளை எடுத்தோம். கருப்பையிலிருந்து ரத்தப்போக்கு ஏற்கெனவே அதிகம். சிவப்பணுக்களின் அளவைக் காட்டும் பிசிவி 12 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சுமார் 25-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்போம்.

வகை பார்க்கும் கார்டில் மூன்று வட்டங்கள் இருக்கும்: ஏ, பி, கன்ட்ரோல். ரத்தத்தைக் கரைசலோடு கலந்து, கார்டை மெல்லச் சாய்த்து ஆட்டினால் பொருந்தும் வட்டத்தில் மணல் மணலாகத் திரளும். நான் முதலில் பார்ப்பது கன்ட்ரோலைத்தான். அதிலும் திரண்டால், ரத்தம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். அந்த முடிவை நம்பக்கூடாது, அணுக்களைக் கழுவிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ரத்தசோகை கடுமையாக இருந்தால் திரளல் மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும். இங்கே கன்ட்ரோல் சுத்தம். பி வட்டத்தில் மட்டும் திரண்டிருந்தது.

அந்த முடிவைப் பார்த்ததும் தானம் கொடுக்கும் பூனையை விட அவசரமாக நினைவுக்கு வந்தது குட்டிகள். "யாரும் குட்டிகளைத் தாய்கிட்ட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தகப்பனைப் பற்றி விசாரித்தேன். ஏற்கெனவே சோதித்த ஏ வகை ஆண்பூனை. தாயின் சீம்பாலில் அதே எதிர்ப்பொருள்தான் இருக்கிறது. பிறந்து முதல் ஒரு நாள் வரை குட்டியின் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். குட்டி ஏ வகையானால் அதன் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும்.

அப்போதுதான் பூனையை வளர்க்கும் அம்மா சொன்னார், "போன ஈத்துல எல்லாமே நல்லாத்தான் பிறந்துச்சு டாக்டர். ரெண்டு நாள்ல பால் குடிக்கிறதை நிறுத்திட்டு ஒண்ணொண்ணா போயிடுச்சு. பிழைச்ச ஒண்ணுக்கும் வால் நுனி கறுத்து விழுந்துடுச்சு." கிருமித்தொற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வால் நுனி விழுவது இந்தப் பிரச்சினைக்கு நன்கு தெரிந்த அடையாளம்; திரண்ட அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகின்றன.

அறுவையில் எடுத்த மூன்றுக்கும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே வகை பார்த்தோம். இரண்டு ஏ, ஒன்று பி. பி குட்டி உடனே தாயிடம் போனது. மற்ற இரண்டுக்கும் 24 மணி நேரம் பூனைக்குட்டிப் பால்மாவு. அப்புறம் தாயிடமே விட்டோம், அதற்குள் குடலின் வாசல் மூடியிருக்கும். வீட்டில் பிறந்தது ஏற்கெனவே பால் குடித்திருந்தது, அதுவும் ஏ. மறுநாள் காலையில் அதைத் துடைத்த பஞ்சில் சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

தாய்க்கு ரத்தம் கொடுத்தது அதே வீட்டிலிருந்த இன்னொரு பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர். சோதித்ததில் பி. வகை பொருந்திவிட்டது என்று நாங்கள் விடவில்லை, இரண்டு பூனைகளின் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச்சும் செய்தோம். சிவப்பணுக்களின் மேல் மிக் போன்ற வேறு அடையாளப் பொருள்களும், அதாவது ஆன்டிஜென்களும் உண்டு, கார்டில் அவை தெரியாது. தாயின் எடை மூன்றரை கிலோ. கிலோவுக்கு 2 மில்லி முழு ரத்தம் பிசிவியைச் சுமார் ஒரு சதவீதம் ஏற்றும் என்பது எங்கள் தோராயக் கணக்கு. 50 மில்லிக்கு 19 வரை வர வேண்டும். முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக ஏற்றி, நாடித்துடிப்பையும் மூச்சையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கத்துவது, நாடி விழுவது, மூச்சு நிற்பது, இதில் எது வந்தாலும் குழாயை மூட வேண்டும். எதுவும் வரவில்லை. பிசிவி 18-ல் நின்றது.

அந்த ஈத்தில் பி குட்டி பிறந்ததே ஒரு தகவல்தான். பி ஒடுங்கு பண்பு, இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஆகவே அந்த ஏ ஆண்பூனை பி மரபணுவை மறைத்து வைத்திருக்கிறது. அதை இதே தாயோடு எத்தனை முறை சேர்த்தாலும், சராசரியாகப் பாதிக் குட்டிகள் ஆபத்தில் இருக்கும். அந்த அம்மாவிடம் இனி பி ஆணோடு மட்டும் சேர்க்கச் சொன்னேன். குட்டிகள் எல்லாமே பி-யாக வரும். "அப்போ பி ஆணை என்னோட ஏ பூனைகளோட சேர்க்கலாமா?" என்று கேட்டார். தாராளமாகச் சேர்க்கலாம். ஏ தாயின் எதிர்ப்பொருள் பலவீனமானது, குட்டிகளை ஒன்றும் செய்வதில்லை.