எண்ட் ஸ்கிரீன் பிராக்டிகல்: கடைசி 20 நொடியில் நான் கோட்டை விட்ட கதை

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. விஸ்காம் மூன்றாம் ஆண்டு யூடியூப் சேனல் பிராக்டிகலில் 60க்கு 52. இன்டர்னலில் 40க்கு 17 வாங்கியவன் நான். கேமரா, கலர், ஆடியோ எதிலும் குறை சொல்லவில்லை. இன்டர்னலில் கவிழ்த்தது எண்ட் ஸ்கிரீன், அதாவது வீடியோ முடியும்போது அடுத்த வீடியோ, சப்ஸ்கிரைப் என்று திரையில் வரும் பெட்டிகள். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதற்கு சீனியர் நோட்டு இருக்கிறது.

என் சேனல் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அப்பிச்சியின் தென்னந்தோப்பு பற்றியது. இன்டர்னலுக்குக் கொடுத்த வீடியோ வெள்ளை ஈயை அடையாளம் காண்பது: ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், கீழ் ஓலைகளின் மேல் கரி பூசியதுபோல் கரும்பூசணம். மொத்தம் 6:40. சரியாக 6:20க்கு அப்பிச்சி கும்பிட்டு, "சரிங்க, அடுத்த வீடியோவுல பார்க்கலாமுங்க" என்றார். அதன்பின் 20 நொடி நீலப் பின்னணி, புல்லாங்குழல், நான்கு பெட்டிகள். எண்ட் ஸ்கிரீனுக்கு 5 முதல் 20 நொடி, அதிகபட்சம் நான்கு எலிமெண்ட் என்று படித்திருந்தேனே, இரண்டையும் முழுசாகப் பயன்படுத்திவிட்ட திருப்தி எனக்கு.

யூடியூப் ஸ்டுடியோவில், எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கிராஃப் 6:20ல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி "போயிட்டு வர்றனுங்க" என்று எழுந்த பிறகு வாசலில் நின்று இன்னும் அரைமணி நேரம் பேசுவார். வீடியோ பார்ப்பவர் அப்படியல்ல. "சரிங்க" காதில் விழுந்ததுமே கட்டைவிரல் நகர்ந்துவிடுகிறது. பெட்டிகள் வந்தபோது பார்க்க ஆளே இல்லை.

பைனலுக்கு அதே வீடியோவின் முடிவை மட்டும் மறுபடி எடுத்தேன். விடைபெறுவதை அடியோடு வெட்டினேன். 6:22ல் எண்ட் ஸ்கிரீன் தொடங்கும்போதும் அப்பிச்சி பேசிக்கொண்டே இருக்கிறார்: "ஈ வந்திருக்குதுன்னு தெரிஞ்சாச்சு. மருந்து அடிக்காம, மஞ்சள் ஷீட்டுல வெளக்கெண்ணெய் தடவி நாங்க பொறி கட்டுனது இதுல இருக்குதுங்க." சொல்லிக்கொண்டே வலப்பக்கம் கை காட்டுகிறார். கை நீளும் இடத்தில் பொறி வீடியோவின் பெட்டி. சப்ஸ்கிரைப் வட்டம் 6:32க்குத்தான் வருகிறது. லைக், ஷேர், பெல் எதுவும் கேட்கவில்லை. ஒரு வீடியோவின் முடிவில் ஒரு வேலைதான் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. நாலும் கேட்டு நன்றாக மார்க் வாங்கிய நண்பனும் இருக்கிறான். அவனுக்கு வாய்ச்சாலகம் உண்டு, எனக்கு இல்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். கை காட்டும் பெட்டிக்கு Best for viewer போடக்கூடாது. அது ஆளுக்கு ஆள் வேறு வீடியோவைக் காட்டும். அப்பிச்சி பொறி என்று சொல்ல, பெட்டியில் இளநீர் வெட்டுவது வந்து நிற்கும். Most recent upload போட்டாலும் அடுத்த வீடியோ ஏற்றியதும் இதே கதிதான். பேச்சு ஒரு வீடியோவைக் குறிப்பிட்டால் அந்த வீடியோவையே தேர்ந்தெடுங்கள். Best for viewer வேண்டுமானால் இரண்டாவது பெட்டிக்கு.

மற்றவை, ஞாபகம் வந்த வரிசையில்:

- எடுக்கும்போதே ஆளை இடப்பக்கம் நிறுத்தி வலப்பக்கம் காலியாக விடுங்கள். எடிட்டிங்கில் இடம் கண்டுபிடிக்க முடியாது.
- பெட்டி எங்கே வரும் என்று தெரிய டைம்லைனில் ஒரு வழிகாட்டி லேயர் வைப்போம். எக்ஸ்போர்ட்டுக்கு முன் அதை அணைக்கவேண்டும். மாடல் தேர்வில் நான் மறந்தேன். ஓலைக்கு நடுவே "வீடியோ இங்கே" என்ற சிவப்புக் கட்டம் அப்படியே வந்துவிட்டது.
- எண்ட் ஸ்கிரீன் வைக்கவே முடியவில்லையா? வீடியோ குழந்தைகளுக்கானது என்று குறித்திருக்கிறீர்களா பாருங்கள். 25 நொடிக்குக் குறைவாக இருந்தாலும் முடியாது.
- வெளி வெப்சைட் லிங்க் எலிமெண்ட் பார்ட்னர் புரோகிராமில் உள்ள சேனலுக்குத்தான். மாணவர் சேனலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வைவாவில் கேட்டது ஒரே கேள்வி: "கிளிக் குறைவாக இருக்கிறது, எங்கே கோளாறு?" எலிமெண்ட் கிளிக் ரேட்டை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். இரண்டு நோய் உண்டு. கிராஃப் பெட்டி வருவதற்கு முன்பே விழுந்தால் முடிவுப் பேச்சில் கோளாறு. கிராஃப் நின்றும் கிளிக் இல்லையென்றால் காட்டிய வீடியோ பொருத்தமில்லை, அல்லது பெட்டி கண்ணில் படவில்லை. நான் என் பழைய கிராஃபையே திறந்து 6:20ஐக் காட்டினேன். எக்ஸ்டர்னல் சிரித்துவிட்டார்.

அந்த 8 மார்க் எங்கே போனது என்று பிறகு தெரிந்தது. வீடியோவிலேயே பதித்த சப்டைட்டிலின் கடைசி வரி பொறிப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, "வெளக்கெண்ணெய் தட" வரைக்கும்தான் தெரிந்ததாம்.