"இரண்டு திருத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பட்ட பாடு

டர்பனில் நானும் தங்கையும் இரண்டு கணினிகளை வைத்து ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்துகிறோம். சாட்ஸ்வொர்த்தில் அடுக்குமாடி கட்டும் ஒரு பில்டருக்குப் போன வருடம், கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் காட்டும் வாக்த்ரூ வீடியோவைக் கணினியில் செய்து கொடுத்தோம். அப்போது கொடுத்த கடிதத்தில் "இரண்டு திருத்தங்கள் உண்டு" என்ற ஒரே வரிதான். டைல் நிறம் ஒரு நாள், திரைச்சீலை மறுநாள் என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. மாடலிலிருந்து கணினி ஒவ்வொரு படமாக உருவாக்கும் கடைசி ரெண்டரும் முடிந்த பிறகு, சமையலறைச் சுவரை நகர்த்திய புதிய வரைபடம் வந்தது. "ஒரு சுவர்தானே தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள்தான் விளக்கவில்லை.

இந்த வருடம் அவருடைய அடுத்த கட்டடத்துக்கு எழுதிய கடிதத்தில் முதலில் கணக்கைப் போட்டேன். 90 விநாடி வீடியோ, விநாடிக்கு 25 பிரேம் என்றால் 2,250 பிரேம். ஒரு பிரேமுக்கு எங்கள் கணினியில் 4 நிமிடம். இரண்டு கணினியும் இரவு பகலாக ஓடினாலும் 75 மணி நேரம். அந்தச் சுவர் தெரிவது 30 விநாடிதான், ஆனாலும் அதற்கே 25 மணி நேரம் போகிறது.

அதனால் வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தேன். முதலில் நிறமே இல்லாத சாம்பல் மாடல், கேமரா போகும் வழியோடு. சுவர், கதவு, அறைகலன் அளவு எல்லாம் இங்கேதான் முடிவாக வேண்டும். அடுத்து, டைலும் வெளிச்சமும் சேர்த்து ஆறு படங்கள். பால்கனி எந்தத் திசை, எந்த மாதம், எத்தனை மணி என்பதையும் இதில் எழுதி வாங்குகிறோம். டர்பன் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் இங்கே நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வட நாடுகளுக்காகச் செய்த வெளிச்ச அமைப்பை அப்படியே போட்டால் தெற்குப் பால்கனியில் வெயில் அடிக்கும், வீடு வாங்குகிறவர் ஏமாந்துபோவார். மூன்றாவதுதான் முழு வீடியோ.

முதல் இரண்டு கட்டத்திலும் இரண்டிரண்டு சுற்று திருத்தம். ஒரு சுற்று என்றால், ஒரே ஆள் மூன்று வேலை நாளுக்குள் அனுப்பும் ஒரே பட்டியல். தாமதமானால் அத்தனை நாளும் கெடுவில் கூடும். வரைபடத்தில் இருப்பதை நாங்கள் தப்பாகச் செய்திருந்தால் எப்போதும் இலவசம். வரைபடமே மாறினால் நாள் கூலி.

ஐந்து வாரக் கெடு கையெழுத்தான நாளிலிருந்து தொடங்காது. இறுதி வரைபடம், டைல் பட்டியல், பாதி முன்பணம் மூன்றும் கைக்கு வந்த நாளிலிருந்துதான். டிசம்பர் நடுவில் தொடங்கும் பில்டர் விடுமுறையும் கணக்கில் இல்லை.

"ஒரே ஆள்" என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மகனும் தொழிலில் இருக்கிறான் என்றார். சரி, பட்டியலை மகன் அனுப்பட்டும், அதில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் ஐயா என்றேன். சம்மதித்தார்.

சாம்பல் மாடலைப் பார்த்ததுமே பிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்காது என்று கண்டுபிடித்துச் சுவரை 30 செ.மீ. நகர்த்தச் சொன்னார். அரை மணி நேரத்தில் முடிந்தது.