எழுபத்து நான்கா, எண்பத்து நான்கா

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த தன் பெரியப்பாவைப் பற்றி நண்பர் ஒருவர் செய்தி திரட்டிக்கொண்டிருந்தார். பழுதுபார்க்க வந்த சோவியத் கப்பல் ஒன்றின் பொறியாளரோடு பெரியப்பாவுக்கு நல்ல பழக்கமாம். அந்தப் பொறியாளரின் மகள் இப்போது விளாடிவஸ்தோக்கில் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். நண்பரின் அலுவலகத்தில் வேலை செய்யும் ரஷ்யப் பெண் ஊருக்குப் போயிருந்தபோது அவரைத் தேடிப் பிடித்து, சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்து 47 நிமிடம் பேச வைத்திருந்தார். ஈசூனில் இருக்கும் பெரியம்மா தமிழ் மட்டும்தான் வாசிப்பார். நான் 1980களில் மாஸ்கோவில் படித்தவன். அந்தப் பதிவைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

கேட்டுக்கொண்டே நேராகத் தமிழில் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பத்து நிமிடப் பதிவு முடிந்ததும் திரும்பிக் கேட்டுப் பார்த்தால், அவர் தடுமாறிய இடங்களையெல்லாம் நான் என்னையறியாமலே செப்பனிட்டு வைத்திருந்தேன். அழித்துவிட்டு, முதலில் ரஷ்ய மொழியில் சொல்லுக்குச் சொல், இழுவை இருமல் உட்பட எழுதுவது, அதை முடிக்கும்வரை தமிழைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்று வார இறுதிகள் அதற்கே போயின.

ரஷ்யர்கள் சொல் கிடைக்காமல் தடுமாறும்போது ‘எத்த சாமயெ’ என்பார்கள். ‘இதே’ என்று அகராதிப்படி எழுதினால் பொருளே இல்லை. நம்முடைய ‘அது வந்து’, ‘அந்த… இது’ போலத்தான் அது. பேச்சின் தொடக்கத்தில் வரும் ‘நூ’வும் அப்படியே. ரஷ்யப் படியில் இவை எல்லாவற்றையும் வைத்தேன். தமிழில் அத்தனையையும் வைத்தால் அந்த அம்மாள் திக்குவாய்க்காரர்போல் தோன்றுவார். எதை விடுவது, எதை வைப்பது? இருபதாம் நிமிடத்தில் அதற்கு விடை கிடைத்தது.

“அப்பா தனியாகக் கரைக்குப் போவாரா?” என்று கேட்கிறார் ரஷ்யப் பெண். நான்கு விநாடி மௌனம். பிறகு, ‘நூ… தா நியெத்’. ‘தா’ என்றால் ஆம், ‘நியெத்’ என்றால் இல்லை. இரண்டும் சேர்ந்தால் ‘இல்லை’தான், ஆனால் அழுத்தமில்லாத ‘இல்லை’. சோவியத் மாலுமிகளை வெளிநாட்டுத் துறைமுகங்களில் தனியாக விடமாட்டார்கள். குழுவாகத்தான் கரையிறங்க வேண்டும். மகளுக்கும் அது தெரியும். அந்த நான்கு விநாடியை எடுத்துவிட்டு ‘போகமாட்டார்’ என்று எழுதினால் விதியைத்தான் எழுதியவனாவேன். ‘(சற்று நேரம் பேசவில்லை) அது வந்து… இல்லை, அப்படியெல்லாம் இல்லை’ என்று எழுதினேன். சொல் தேடும் தடுமாற்றத்தை விட்டுவிடலாம், பதில் சொல்லத் தயங்கும் தடுமாற்றத்தை விடக்கூடாது என்பது அதன்பின் என் கணக்கு.

‘மோல்’ என்று இன்னொரு குட்டிச் சொல் உண்டு. வேகமான பேச்சில் அது காதில் விழுந்தால்தான் அதிசயம். முன்பின் வரும் வார்த்தைகள் பிறர் சொன்னவை, நான் பொறுப்பல்ல என்பதற்கான சொல் அது. நம்மிடம் அதற்குத் தயாராக ‘ஆம்’ விகுதி இருக்கிறது: வந்தாராம், சொன்னாராம். மாஸ்கோவில் ஐந்து ஆண்டு இருந்தும் இந்தப் பொருத்தம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

சிக்கல் முப்பத்தோராம் நிமிடத்தில் வந்தது. அப்பாவின் கப்பல் மறுபடி சிங்கப்பூர் வந்த ஆண்டைச் சொல்கிறார். அதே நொடியில் ரஷ்யப் பெண் ‘தா-தா-தா’ என்று தலையாட்டும் குரலில் குறுக்கே விழுகிறார். இரண்டு குரலும் ஒரே மைக்கில் பதிந்தவை, பிரித்தெடுக்க வழியில்லை. இப்படிப்பட்ட இடத்தை நான் மூன்று முறை கேட்பேன்: முதலில் ஒருவர் குரலை மட்டும் மனத்தால் பின்தொடர்ந்து, அடுத்து மற்றவரை மட்டும், கடைசியில் யார் எந்த அசையில் தொடங்கி எதில் நிறுத்தினார் என்பதை மட்டும். ஒலி மோதும் பகுதியை இருவர் வரியிலும் சதுர அடைப்புக்குள் போடுவேன்.

அடைப்புக்கு வெளியே தெளிவாகக் கேட்டது ‘…செம்திசியத்’ போன்ற ஒலியும் ‘நான்கு’ம். எழுபது ரஷ்ய மொழியில் ‘சேம்திசியத்’, எண்பது ‘வோசிம்திசியத்’. முன்னால் உள்ள ‘வோ’வை ஒரு ‘தா’ விழுங்கிவிட்டால் எண்பதும் எழுபதாகிவிடும். அந்த ஆண்டில் ‘அவர்’ இன்னும் வேலையில் இருந்தார் என்கிறார் மகள். பெரியப்பாவோ 1979இல் ஓய்வு பெற்றவர். அதனால் யோசிக்காமல் 74 என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். இரண்டு நாள் அது தவறென்றே தோன்றவில்லை, அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

சரிபார்க்கும்போதுதான் உயிரொலி உறுத்தியது. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழும் அசைதான் முழுதாக ஒலிக்கும். மற்றவை மங்கிக் குறுகும். எழுபதில் அழுத்தம் ‘சேம்’ மீது விழுகிறது. அது நன்றாகத் திறந்து ஒலிக்க வேண்டும். எண்பதில் அழுத்தம் ‘வோ’வில் முடிந்துவிடுவதால் அடுத்தது ‘சிம்’ என்று சுருங்கிவிடும். எனவே காணாமல்போன ‘வோ’வைத் தேடுவதை விட்டு, மிச்சமிருக்கும் உயிரெழுத்தைக் கேட்டால் போதும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இரண்டு விநாடியை வெட்டி, Change Tempo வழியாக முக்கால் வேகத்துக்குக் குறைத்தேன். அதற்கும் கீழே போனால் மெய்யொலிகள் குழைந்து, நாம் நினைப்பதெல்லாம் கேட்கத் தொடங்கும். அதே அம்மாள் ஐயத்துக்கு இடமில்லாமல் ‘எழுபது’ என்று சொல்லும் இடம் ஒன்றும் பதிவில் இருந்தது: தன் வயதைச் சொல்லும் இடம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வயதில் ‘சேம்’ நீண்டு நின்றது. ஆண்டில் ‘சிம்’ என்று நழுவிப் போனது. எண்பத்து நான்கு.

தமிழ்ப் படியில் இப்படி வந்தது:

மகள்: அப்புறம் [எண்]பத்து நான்கில் கப்பல் மறுபடி அங்கே போனது. அவர் இன்னும் அங்கேதான் வேலையில் இருந்தாராம்.
கேட்பவர்: [ஆமாம், ஆமாம்.]

கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: ‘எண்’ என்ற பகுதி நேரடியாகக் கேட்கவில்லை, அடுத்த உயிரொலியைக் கொண்டு எழுதப்பட்டது.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. “அண்ணன், 74 என்றால் எல்லாம் சரியாகப் பொருந்துமே” என்றார். பொருந்துவதால்தான் நானும் முதலில் ஏமாந்தேன் என்றேன். அந்த ‘அவர்’ உங்கள் பெரியப்பா என்பதற்கே பதிவில் சான்று இல்லை. அதற்குச் சற்று முன்னால் ஒரு பெயர் வருகிறது, சரியாக அதன்மேல் கெண்டியின் விசில். நான் கேட்டவரை கடைசி அசை ‘து’. அந்த இடத்தில் [нрзб] என்று போட்டிருக்கிறேன். தெளிவில்லை என்பதற்கு ரஷ்யர்கள் போடும் சுருக்கம். தமிழில் ‘(பெயர் விளங்கவில்லை, “து” என்று முடிகிறது)’.

படியைக் கொடுக்க ஈசூனுக்குப் போனபோது பெரியம்மா அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு முறை கேட்டார். “முத்து என்றுதானே சொல்கிறாள்?” என்றார். பெரியப்பாவின் பெயர் முத்து. ஓய்வு பெற்ற பிறகும் நான்கைந்து ஆண்டு ஒப்பந்த வேலைக்குப் பட்டறைக்குப் போய்வந்தார் என்பதையும் அப்போதுதான் சொன்னார். நண்பருக்கே அது புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். எனக்கு இப்போது ‘முத்து’ என்றே கேட்கிறது. பெயரைச் சொல்லிவிட்டார்களே, இனி வேறெப்படிக் கேட்கும்? அடைப்பை அப்படியே விட்டுவிட்டேன். அடிக்குறிப்பில் மட்டும், ‘குடும்பத்தார் இதை முத்து என்று கேட்கிறார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.