பச்சை ஸ்கெட்ச்

திருச்சியில் கிறிஸ்தவக் கல்யாண வரவேற்புகளுக்குத் தொகுப்பாளராகப் போகிறேன். மணமக்களை மேடைக்கு அழைப்பது, கேக் வெட்டச் சொல்வது, அப்புறம் டோஸ்ட். கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை பேசி, எல்லோரும் கோப்பையைத் தூக்கி அவர்களுக்காகக் குடிப்பது. பெரும்பாலும் திராட்சை ரசம்தான். வழக்கமாக அதைத் தாய்மாமாவோ குடும்ப நண்பரோ பேசுவார்கள். பெண்ணின் அப்பாவே பேசுகிறேன் என்று வந்தது எனக்கு அரிதாகத்தான் நடந்திருக்கிறது.

அப்படி வந்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் நாலு பக்கம் டைப் செய்த தாள். "தம்பி, எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றார்.

படித்துக் காட்டச் சொன்னேன். "பெரியோர்களே, தாய்மார்களே, இன்று நான் ஒரு மகளை இழக்கவில்லை, ஒரு மகனைப் பெற்றிருக்கிறேன். இல்லறம் என்னும் நல்லறத்தில் அடியெடுத்து வைக்கும் இவர்கள், வண்டியின் இரு சக்கரங்கள் போல..." என்று போயிற்று. இன்டர்நெட்டில் இருந்து பாதி, பழைய வாழ்த்து மடல்களில் இருந்து மீதி. படித்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. கையில் கோப்பையோடு நிற்கிறவர்களுக்கு மூன்று நிமிடம்தான் பொறுமை.

நீளம் பெரிய சிக்கல் இல்லை, வெட்டிவிடலாம். ஒவ்வொரு வரியிலும் மகளின் பெயரைக் கையால் மறைத்துப் பார்த்தேன். அந்தத் தாளை எந்த ஊரிலும் எந்த அப்பாவும் வாசிக்கலாம். கடைசிப் பக்கத்தில் இருந்த வசனத்தைக் காலையில் கோவிலில் ஃபாதரே சொல்லிவிடுவார்.

டீ வந்தது. பேச்சை மாற்றலாம் என்று பணிமனையைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான். 1928-ல் நாகப்பட்டினத்தில் இருந்து அது பொன்மலைக்கு வந்தது, ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்தது, சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரி செய்தது என்று தாளே இல்லாமல் கால் மணி நேரம் பேசினார். இவருக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. மகள் என்றதும்தான் மேடைத்தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அவர் சம்மதத்தோடு கேள்விகளை ஆரம்பித்தேன். 'உங்கள் மகளிடம் பிடித்தது என்ன' என்று மட்டும் நான் கேட்பதே இல்லை. அதற்கு "பாசமான பொண்ணு" என்றுதான் பதில் வரும். கடைசியாக எதற்குத் திட்டினீர்கள், ஹாஸ்டலுக்குப் போனபோது வீட்டில் எதை விட்டுவிட்டுப் போனாள், இப்படித்தான் கேட்பேன். முக்கால் மணி நேரம் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது, "அது ஒண்ணும் இல்ல தம்பி, அதெல்லாம் மேடைல சொல்ற விஷயமா" என்று ஒரு கதையைத் தொடங்கினார். இந்த வேலையில் நான் காத்திருப்பது அந்த 'ஒண்ணும் இல்ல'வுக்குத்தான்.

மகள் பள்ளியில் படித்தபோது அவர் முதல் ஷிப்ட். அவள் எழுந்திருப்பதற்குள் இவர் போயிருப்பார். அதனால் வேண்டியதை எல்லாம் முந்தின ராத்திரியே துண்டுச்சீட்டில் எழுதி டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவாளாம். மதியம் பாக்ஸைத் திறந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் சீட்டு. அதில் ஒன்றை ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ரசம் பட்டு மஞ்சளாகியிருந்தது. "அப்பா, பச்சை ஸ்கெட்ச் வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி புளூ வேண்டாம்."

நர்சிங் படிக்க வேலூர் போனபிறகும் முதல் வாரம் முழுக்க மூடியைத் திருப்பிப் பார்த்தாராம். மகளிடம் இதைச் சொன்னதில்லை.

அன்று ராத்திரியே எழுதி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். "அந்தச் சின்னஞ்சிறு காகிதத்தில் என் மகளின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா நான் இப்படிப் பேச மாட்டேனே" என்றார். முதல் தாளில் இருந்தது இன்டர்நெட்டில் வாங்கிய கடன். இதில் இருந்தது என்னிடம் வாங்கிய கடன்.

மறுபடி ரெக்கார்டிங்கைப் போட்டு அவர் சொன்ன சொற்களையே இறக்கினேன். வெட்டியதும் வரிசையை மாற்றியதும் மட்டும் என் வேலை. இப்படி வந்தது:

"நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போறவன். பாப்பா முழிச்சு நான் பாத்தது ஞாயித்துக்கிழமைதான். மத்த நாள்ல அவ என்கிட்ட பேசினது டிபன் பாக்ஸ் மூடி வழியா. வேலூருக்குப் போனப்புறம் ஒரு வாரம் மூடியத் திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, வீட்ல ஆள் கொறஞ்சிருச்சுன்னு."

மாப்பிள்ளைக்கு ஒரு வரியாவது வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் முகம் சுண்டிவிடும். கேட்டேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் ஒழுகுகிற குழாயைச் சரி செய்யப் போய் இன்னும் ஒழுக விட்டுவிட்டாராம். "அங்கிள், எனக்கு இது தெரியாது, சொல்லிக் குடுங்க" என்றாராம். "எனக்கு அது போதும் தம்பி" என்றார். இந்த மாதிரி விஷயத்தைக் கேட்காமல் மேடையில் விட்டால் வம்பு. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். சிரித்துவிட்டு, கட்டாயம் வையுங்கள் என்றார்.

மிச்சம் கைவேலை. எங்கே தொண்டை அடைக்கும் என்று இரண்டு முறை வாசிக்க வைத்துக் கண்டுபிடித்தேன். 'ஆள் கொறஞ்சிருச்சு' என்ற இடத்தில். அதைக் கடைசியில் வைத்தால் கோப்பையைத் தூக்கச் சொல்லக் குரல் இருக்காது. நடுவுக்குக் கொண்டுபோய், அதற்கு அடுத்து குழாய்க் கதையை வைத்தேன். சிரிப்பு வந்தால் தொண்டை திறந்துகொள்ளும். முடிவில் மணமக்கள் பெயரும் "எல்லாரும் கிளாஸத் தூக்குங்க"வும் மட்டும். அந்த வரி தெளிவாக இல்லையென்றால் பாதி கூட்டம் குடித்திருக்கும், பாதி முழித்துக்கொண்டிருக்கும். பெரிய எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக, தாளின் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தேன்.

வரவேற்பு அன்று கேக் வெட்டுவதற்கு முன்பே கோப்பைகளில் ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தேன். மைக்கைக் கொடுத்தேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து வாசித்தார். மண்டபம் லேசாகச் சிரித்தது. அப்போது தாளில் இருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்து, "அந்த புளூ ஸ்கெட்ச்ச நீ கடைசி வரைக்கும் தொடவே இல்லல்ல?" என்றார்.

தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. மகள் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள், அழுதாள். 'ஆள் கொறஞ்சிருச்சு' வந்தபோது எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அவர் நிதானமாகக் குழாய்க்குப் போய்விட்டார்.