தீபாவளி 11 நாள் முன்னே வந்ததால் தவறாகப் போன விளம்பர அறிக்கை

திருகோணமலைச் சந்தைப் பக்கத்து உடுப்புக்கடை ஒன்றின் பேஸ்புக் விளம்பரக் கணக்கு இது. விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் வட்ஸ்அப்பில் விலை கேட்பார்கள், பிறகு கடைக்கு வருவார்கள். 2025 தீபாவளி முடிந்ததும் விளம்பரம் போட்டுக் கொடுத்தவர்கள் அனுப்பிய அறிக்கை "ஒரு விசாரிப்புக்கான செலவு 33 வீதம் கூடிவிட்டது" என்றது. அடுத்த வருடத்துக்கு இந்தச் செலவே வேண்டாம் என்று முதலாளி முடிவெடுக்கும் நிலைக்குப் போய்விட்டார். அறிக்கையில் இருந்த எண்கள் எல்லாம் சரி. ஒக்டோபரை ஒக்டோபரோடு ஒப்பிட்டதுதான் பிழை.

2024 இல் தீபாவளி ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20. முதல் வருடத்து ஒக்டோபரில் பண்டிகை வியாபாரம் முழுவதும் அடங்கிவிட்டது. அடுத்த வருடம் அதில் ஒரு பகுதி செப்டெம்பருக்குப் போனது. தீபாவளி முடிந்தும் நிறுத்தாமல் விட்ட விளம்பரங்கள் 11 நாள் பணத்தைத் தின்றன. எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன். இரண்டு ஒக்டோபரிலும் செலவு 90,000 ரூபாய். 2024 இல் 600 விசாரிப்பு, ஒன்று 150 ரூபாய். 2025 இல் 450, ஒன்று 200 ரூபாய். அந்த 90,000 இல் 28,000 ரூபாய் 20ஆம் திகதிக்குப் பிறகு போனது. அதற்குக் கிடைத்தது 50 விசாரிப்பு.

இதைத் திருத்த, Ads Manager இல் Breakdown போய் Day தெரிவு செய்து நாள்வாரியாக இறக்கி, ஷீட்டில் திகதிக்குப் பதிலாக "தீபாவளிக்கு எத்தனை நாள்" என்ற நிரலை வைக்க வேண்டும். A நிரல் திகதி, B செலவு, C விசாரிப்பு, D புதிய நிரல்.

```
=A2-DATE(2025,10,20)
=SUMIFS(C:C,D:D,">=-27",D:D,"<=0")
```

2024 தாளில் DATE(2024,10,31). முதல் வரி `#VALUE!` காட்டினால் திகதி ஷீட்டுக்குப் புரியாத எழுத்தாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அது 2025-10-20 போன்ற வடிவில் இருந்தால் A2 க்குப் பதிலாக `DATE(LEFT(A2,4),MID(A2,6,2),MID(A2,9,2))` போடுங்கள். −27 இலிருந்து 0 வரை 28 நாள். 30 நாள் எடுக்காதீர்கள். 28 எடுத்தால்தான் ஒவ்வொரு கிழமையும் இரண்டு வருடத்திலும் சரியாக நான்கு தடவை வரும். 2024 இல் தீபாவளி வியாழன், 2025 இல் திங்கள். கிழமை மாறும்போது ஒரு சனி ஞாயிறு கூடிக் குறைந்தாலே உடுப்புக்கடைக் கணக்கு குழம்பிவிடும்.

இப்படிப் பார்த்தால் 2024: 84,000 ரூபாய், 570 விசாரிப்பு, ஒன்று 147 ரூபாய். 2025: 78,000 ரூபாய், 510 விசாரிப்பு, ஒன்று 153 ரூபாய். கூடியது 4 வீதம்தான். முதலாளிக்கு மூச்சு வந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு பிழை விட்டிருப்போம். 2024 இல் அந்த 28 நாளும் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கும் நடுவில் வந்தவை. பேஸ்புக் விளம்பர இடத்தை ஏலத்தில்தான் கொடுக்கும், அதே ஏலத்தில் கட்சி விளம்பரங்களும் இருந்தன. ஆயிரம் காட்சிக்கான செலவு, திரையில் CPM என்று வருவது, எங்கள் கணக்கில் 2024 இல் 240 ரூபாய், 2025 இல் 200. காட்சி மலிவாகியும் விசாரிப்பின் விலை இறங்கவில்லை என்றால், பார்த்தவர்களில் கேட்டவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆயிரம் காட்சிக்கு 1.6 ஆக இருந்த விசாரிப்பு 1.3 ஆகியிருந்தது. 4 வீதத்துக்குப் பின்னால் இந்தச் சரிவு ஒளிந்திருந்தது.

படம் பழசாகிவிட்டது என்று முதலில் நினைத்தோம். 28 நாளை முதல் 21, கடைசி 7 என்று பிரித்ததும் வேறு கதை தெரிந்தது. முதல் மூன்று வாரமும் இரண்டு வருடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், விழுந்தது கடைசி வாரம் மட்டும். படத்தில் கோளாறு என்றால் நான்கு வாரமும் விழுந்திருக்கும். இங்கே அரச சம்பளம் 25ஆம் திகதியை ஒட்டி வரும். 2024 இல் அது தீபாவளிக்கு ஆறு நாள் முன், கடைசி வாரம் தொடங்கும்போதே கையில் காசு. 2025 இல் செப்டெம்பர் சம்பளம் வந்து 25 நாளாகிவிட்டது, அடுத்தது பண்டிகைக்குப் பிறகு. ஆகவே கடைசி வாரத்துக்குப் பணத்தைக் குவித்த பழைய திட்டத்தை அப்படியே போட்டதுதான் தவறு. செப்டெம்பர் 25 ஐ ஒட்டிய நாட்களுக்கு அதில் ஒரு பங்கை நகர்த்தியிருக்க வேண்டும்.

2026 இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. இந்தத் தடவை 19 நாள் பின்னே போகிறது. 28 நாள் ஒக்டோபர் 12 இல் தொடங்கும், சம்பளம் சரியாக நடுவில், −14 இல் விழும். மழைக்காலமும் சேர்ந்துவிடும். நிலாவெளி, மூதூர் பக்கமிருந்து வருபவர்கள் மழை நாளில் கேட்டுவிட்டு வராமல் விடுவார்கள் என்பதால், விசாரிப்புக்குப் பக்கத்தில் நாள்வாரிக் கடை பில் எண்ணிக்கையையும் E நிரலில் எழுதச் சொல்லியிருக்கிறோம். நவம்பர் 8 இரவு விளம்பரம் தானாக நிற்க முடிவுத் திகதியும் இப்போதே போட்டாயிற்று.