இன்டர்னின் முதல் வாரம்: மடலிலும் திட்டத்திலும் என்ன இருக்க வேண்டும்

பத்துப் பேர்கூட இல்லாத மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்னுக்கு வரவேற்பு மடல் எழுதுவது மேனேஜரின் வேலைதான். எங்கள் மடல் பலமுறை வெட்டுப்பட்டு இப்போது ஒரு பக்கத்துக்கு வந்திருக்கிறது. நிறுவனம் எப்படித் தொடங்கியது, எங்கள் நோக்கம் என்ன என்ற பத்திகளெல்லாம் போய்விட்டன. வேலைக்கு வருகிறவர் முந்தின நாள் இரவு யோசிப்பது அதையல்ல. எத்தனை மணிக்கு வர வேண்டும், உள்ளே நுழைந்ததும் யாரைக் கேட்க வேண்டும், சொந்த லேப்டாப் வேண்டுமா, என்ன உடை, சாப்பாடு கொண்டுவர வேண்டுமா? இந்த ஐந்துக்கும் மடலின் முதல் பாதியிலேயே பதில் இருக்கும்.

நேரத்தைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்: "திங்கட்கிழமை 10:30-க்கு வாருங்கள். 9:30 முதல் நாங்கள் கூட்டத்தில் இருப்போம், சீக்கிரம் வந்தால் சும்மா உட்கார்ந்திருக்க நேரும்." காரணம் எழுதாவிட்டால் பெரும்பாலோர் நல்ல பேர் வாங்க 9 மணிக்கே வந்துவிடுவார்கள். முதல் நாளின் முதல் ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்ப்பதில் போகும்.

மடலை வியாழக்கிழமை அனுப்புகிறோம், கிட்ஹப் அழைப்பை வெள்ளிக்கிழமை. இதை இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் கிட்ஹப் அழைப்பு 7 நாளில் காலாவதியாகிவிடும். இன்டர்ன் திங்களன்று சொடுக்கினால் செல்லாது என்று வரும், அவரோ தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார்.

திங்கட்கிழமைக்கு ஒரே இலக்கு: மாலைக்குள் நிரல் அவர் கணினியில் ஓட வேண்டும். எஸ்.எஸ்.ஹெச். சாவியை அமைத்ததும் இந்தக் கட்டளையைக் கொடுக்கச் சொல்கிறோம்:

```
ssh -T git@github.com
```

எல்லாம் சரியாக இருந்தாலும் வரும் பதில் `You've successfully authenticated, but GitHub does not provide shell access.` என்றுதான் இருக்கும். அந்த `but` என்ற சொல்லைப் பார்த்ததும் புதியவர்கள் பிழை என்று முடிவுகட்டி, நன்றாக இருக்கும் சாவியை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கத் தொடங்குவார்கள். "இந்த வரி வந்தால் வெற்றி" என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் `README` கோப்பைப் பின்பற்றும்போது எந்த வரியில் சிக்கினாலும் அதைக் குறித்துவைக்க வேண்டும். பழைய ஆட்களின் கணினியில் எல்லாம் முன்பே நிறுவப்பட்டிருப்பதால் அந்தக் கோப்பின் ஓட்டைகள் எங்கள் கண்ணில் படாது. மாலை 4 மணிக்கும் நிரல் ஓடவில்லையென்றால் பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுப்பார். அதை இன்டர்னே போராடிக் கற்கட்டும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறுவும் சிக்கலில் இரண்டு நாள் கழித்தவருக்குப் புதன்கிழமைக்குள் தன்மேலேயே நம்பிக்கை போய்விடும்.

திட்டத்தில் அதிகம் யோசிக்க வேண்டியது முதல் பணியைத்தான். எங்களில் ஒருவர் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும். இன்டர்னுக்கு அது இரண்டு மூன்று நாளாகும். முடிவு கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தாமதமானால் வாடிக்கையாளர் யாரும் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆவணம் படிப்பது, எழுத்துப்பிழை திருத்துவது போன்றவை இதில் சேராது.

இப்படிப்பட்ட ஒரு பணி: எங்கள் மென்பொருள் தரும் சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரிகின்றன. "தமி" என்ற இரண்டெழுத்து `à®¤à®®à®¿` என்று நிற்கிறது. கோப்பில் தவறில்லை, அது யு.டி.எஃப்.-8 முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை எக்செலுக்குச் சொல்லும் அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லாததால், அது கணினியின் பழைய குறியீட்டு முறையை வைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கிறது. பைத்தானில் திருத்தம் ஒரே வரி:

```python
with open(path, "w", newline="", encoding="utf-8-sig") as f:
```

இது கோப்பின் முன்னால் 3 பைட்டுகளைச் சேர்க்கிறது. எக்செலில் தமிழ் சரியாகத் தெரியும். செவ்வாய் மாலையே இன்டர்ன் "முடிந்தது" என்பார்.

முடியவில்லை. அதே கோப்பை எங்கள் இன்னொரு நிரலும் இரவில் படிக்கிறது, `utf-8` என்று சொல்லித்தான் திறக்கிறது. அதற்கு அந்த 3 பைட்டும் முதல் நெடுவரிசைத் தலைப்பின் பகுதியாகத் தெரியும்; `name` என்ற தலைப்பு `\ufeffname` ஆகிவிடும். புதன்கிழமை சோதனையை ஓட்டினால் `KeyError: 'name'` வரும். தலைப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தாலும் அந்தக் குறி கண்ணுக்குத் தெரியாது, `repr()` போட்டால்தான் வெளியே வரும். படிக்கும் நிரலிலும் `utf-8-sig` என்று மாற்றினால் தீர்ந்தது. அடையாளம் இருக்கும் கோப்பு, இல்லாத பழைய கோப்பு இரண்டையும் அது படித்துவிடும். இந்த இரண்டாம் பாதிக்காகத்தான் இந்தப் பணியைக் கொடுக்கிறோம். ஒரு கோப்பின் வடிவத்தை மாற்றும் முன் அதை வேறு யார் படிக்கிறார்கள் என்று `git grep` போட்டுத் தேடும் பழக்கம் இதில்தான் வரும்.

இந்த நாட்களில் இன்டர்ன் எப்போது உதவி கேட்கலாம் என்பதும் மடலில் இருக்கும். 30 நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் கேட்டுவிட வேண்டும். "தயங்காமல் கேளுங்கள்" என்று எழுதிப் பயனில்லை, தயங்குகிறவர் தயங்கிக்கொண்டேதான் இருப்பார். நேரத்தைச் சொல்லிவிட்டால் கேட்பது விதியைப் பின்பற்றுவதாகிவிடுகிறது. எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு மாதிரியும் தருகிறோம்: "`import.py`-ஐ ஓட்டினேன். `KeyError: 'name'` வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் `name` இருக்கிறது. வேறு எங்கே பார்க்கலாம்?" பிழைச் செய்தியைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக ஒட்டச் சொல்கிறோம். படத்திலிருந்து நகலெடுத்துத் தேடுவது சிரமம்.

வியாழக்கிழமை ரிவ்யூ. முதல் புல் ரிக்வெஸ்டில் ஐந்து கருத்துகளுக்கு மேல் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மாறிப்பெயர், இடைவெளி போன்றவற்றைக் கருவியே சுட்டிக்காட்டட்டும். ரிவ்யூ செய்பவர், திருத்தியே ஆக வேண்டியதையும் வெறும் விருப்பத்தையும் பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு இரவு முழுக்கத் திருத்துவார்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் எங்கள் பக்கத்தில்தான். பொறுப்பாளரின் நாட்காட்டியில் தினமும் ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் அவர் வேறு வேலையில் மூழ்கிவிடுவார். அதனால் புதிய பதிப்பு வெளியிடும் வாரத்தில் இன்டர்ன் யாரையும் சேர்ப்பதில்லை. தேதி ஏற்கெனவே சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளிவைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை திருத்தம் வெளியாகும். கணக்குப் பிரிவில் இருப்பவர் அன்றைய கோப்பை எக்செலில் திறக்கும்போது இன்டர்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறோம். மதியம் 20 நிமிடம் பேச்சு: எங்கே நேரம் வீணானது, யாரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது, மடலில் எது இல்லை. பிறகு அவர் திங்கட்கிழமை குறித்துவைத்த வரிகளை எடுத்து `README`-ஐத் தானே திருத்தி இரண்டாவது புல் ரிக்வெஸ்டை அனுப்புவார்.